முக்கால் மணி நேரப் பிரசங்கத்திலிருந்து ஒரு நிமிடம்: எங்கே தொடங்கி எங்கே வெட்டுவது

"அண்ணா, பெங்களூரில் எங்கள் தமிழ்ச் சபையின் மீடியா வேலையை இப்போது நான் பார்க்கிறேன். பாஸ்டர் 45, 50 நிமிடம் பேசுகிறார். வாரம் மூன்று சின்ன வீடியோ போடச் சொல்கிறார்கள். எல்லாரும் 'ஆமென்' சொல்லும் இடமாகப் பார்த்து வெட்டிப் போடுகிறேன். ஆனால் பார்க்கிறவர்கள் 'என்ன சொல்ல வருகிறார் என்றே புரியவில்லை' என்கிறார்கள். எந்த இடத்தை எடுப்பது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?"

தம்பி, முதலில் அந்த 'ஆமென்' பழக்கத்தை விடுங்கள். சபை சத்தம் போட்டு ஆமோதிக்கும் இடம் பெரும்பாலும் பிரசங்கத்தின் கடைசிப் பத்து நிமிடத்தில்தான் வரும். அதற்கு முன் அரை மணி நேரமாக பாஸ்டர் கட்டிக்கொண்டு வந்ததெல்லாம் அந்த ஒரு வரியில் வந்து சேர்கிறது, அதனால்தான் அரங்கம் அதிர்கிறது. அந்த வரியை மட்டும் பிய்த்து எடுத்தால், அதைத் தாங்கி நின்ற அரை மணி நேரம் போய்விடும். வீட்டில் கைப்பேசியில் பார்க்கிறவருக்கு ஒருவர் வியர்க்க வியர்க்கக் கத்துவது மட்டும்தான் தெரியும். தனியாக நிற்கக்கூடிய இடங்கள் பெரும்பாலும் பிரசங்கத்தின் நடுப்பகுதியில், பாஸ்டர் குரலைத் தாழ்த்தி, ஒரு கதையையோ ஒரு வார்த்தையின் பொருளையோ நிதானமாக விளக்கும்போது கிடைக்கும். அங்கே யாரும் 'ஆமென்' சொல்லியிருக்க மாட்டார்கள். கேட்டுக்கொண்டிருந்திருப்பார்கள்.

ஒரு துண்டு தனியாக நிற்குமா என்பதற்கு நான் வைத்திருக்கும் சோதனை ரொம்ப எளிது. என் மனைவி ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறாள். அதனால் அவள் பிரசங்கம் கேட்பதே இல்லை. நான் தேர்ந்தெடுத்த பகுதியைத் தாளில் எழுதி அவளிடம் வாசித்துக் காட்டுவேன். வீடியோவைக் காட்ட மாட்டேன், ஏனென்றால் பாஸ்டரின் முகமும் கையசைவும் பாதி ஓட்டையை மறைத்துவிடும். அவள் நடுவில் "யாரு அது?" என்று கேட்டால் தொடக்கம் தப்பு. "எதுக்கு இதைச் சொல்றார்?" என்று கேட்டால் கேள்வி இல்லாமல் பதிலை மட்டும் வெட்டியிருக்கிறேன். வாசித்து முடித்ததும் "சரி, அப்புறம்?" என்று கேட்டால் முடிவு வரவில்லை. மூன்றில் எதுவும் கேட்காமல் ஒரு நிமிடம் பேசாமல் இருந்தாள் என்றால், அது கிளிப். உங்கள் வீட்டிலும் ஆராதனைக்கு வராத ஒருவர், அல்லது வேறு சபைக்குப் போகிற ஒருவர் இருப்பார். அவரைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

இதில் தமிழுக்கென்றே ஒரு பெரிய ஆபத்து இருக்கிறது. வேறு மொழியில் கிளிப் வெட்டுகிறவர்கள் சொல்லித்தரும் முறையை அப்படியே எடுத்துக்கொண்டால் இதில் விழுவோம். நம் மொழியில் அடுத்தவர் பேச்சு முதலில் வரும், பேசியது யார் என்பது கடைசியில் வரும். "விசுவாசம் இருக்கிறவனுக்கு மனச்சோர்வே வராது, வந்தா அவன் ஜெபிக்கலன்னு அர்த்தம்னு சொல்றாங்க. பைபிள் அப்படிச் சொல்லுதா?" என்று ஒரு பாஸ்டர் பேசுகிறார் என்று வையுங்கள். 'அர்த்தம்' என்ற சொல்லோடு வெட்டினால், அவர் மறுக்க வந்த கருத்தே அவருடைய கருத்தாகிவிடும். '-ன்னு சொல்றாங்க' என்ற அந்தச் சின்ன வால்தான் மொத்த வாக்கியத்தையும் திருப்பிப் போடுகிறது. நடிப்புத் திறமை உள்ள பிரசங்கியார் என்றால் இன்னும் மோசம். அவர் மற்றவர் குரலிலேயே இரண்டு நிமிடம் பேசிவிட்டு அதன்பிறகுதான் 'இப்படியெல்லாம் நாம பேசுறோம்' என்பார்.

இதை நான் அடிபட்டுத்தான் கற்றுக்கொண்டேன். சில வருடங்களுக்கு முன் யோபு புத்தகத்திலிருந்து ஒரு பிரசங்கம். பாஸ்டர் யோபுவின் நண்பர்களைப் போலவே நடித்துப் பேசினார். "நீ ஏதோ தப்பு பண்ணாம இது உனக்கு வந்திருக்காது, யோசிச்சுப் பாரு" என்று விரலை நீட்டி, முகத்தைச் சுளித்து, அவ்வளவு உயிரோடு இருந்தது. நாற்பது நொடி வெட்டி திங்கட்கிழமை காலையில் போட்டேன். அந்த நண்பர்கள் நிதானமாய்ப் பேசவில்லை என்று கர்த்தரே சொல்வது 42ஆம் அதிகாரத்தில் வருகிறது. பிரசங்கத்தில் அது இருபது நிமிடம் கழித்துத்தான் வந்தது. என் கிளிப்பில் அது இல்லை. எங்கள் சபைச் சகோதரி ஒருவரின் பிள்ளை அப்போது ஆஸ்பத்திரியில் இருந்தான். யாரோ அந்த வீடியோவை அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார்கள். ராத்திரி அவர் கணவர் பாஸ்டருக்குப் போன் பண்ணி, "எங்க மேல அப்படி என்ன பாவம் பாத்தீங்க ஐயா?" என்று கேட்டார். நான் உடனே அழித்தேன், ஆனால் ஃபார்வர்டு ஆனது ஆனதுதான். அன்றிலிருந்து ஒரு பகுதியை எடுக்கும் முன் அதற்குப் பின்னால் குறைந்தது ஐந்து நிமிடம் ஓட விட்டுக் கேட்காமல் நான் வெட்டுவதில்லை. பின்னால் 'ஆனா' வருகிறதா, 'அப்படின்னா என்ன அர்த்தம்' என்று திருப்புகிறாரா, 'இது யோபு சொன்னது இல்ல' என்கிறாரா என்று பார்ப்பேன்.

இப்போது ஒரு முழுப் பிரசங்கத்தை எடுத்துக்கொண்டு எப்படிச் செய்தேன் என்று காட்டுகிறேன். 47 நிமிடம். 1 இராஜாக்கள் 19ஆம் அதிகாரம், எலியா சூரைச்செடியின் கீழ் படுத்துக்கொள்ளும் பகுதி.

முதல் சுற்றில் வீடியோவைத் திறக்கவே மாட்டேன். மிக்ஸரிலிருந்து வரும் ஆடியோவை மட்டும் கைப்பேசியில் போட்டுக்கொள்வேன். காக்ஸ் டவுனிலிருந்து வேலைக்குப் போகும் பஸ் பயணத்தில் ஒருமுறை முழுதாகக் கேட்பேன். நேரத்தைக் குறிக்கிற வேலை அப்போது கிடையாது. கேட்டு முடித்த பிறகு எனக்கு எது ஞாபகம் இருக்கிறதோ அதை மட்டும் எழுதுவேன். அன்றைக்கு ஞாபகம் இருந்தவை மூன்று: தூதன் கொண்டுவந்த அடை, ராத்திரி ஷிப்ட் பார்க்கும் ஒரு தம்பியின் கதை, கடைசியில் 'எழுந்திரு' என்று பாஸ்டர் ஏழெட்டு முறை சொன்னது. ஒரு நாள் முழுக்க வேலை செய்த பிறகும் நினைவில் தங்கியிருப்பதுதான் முதல் பட்டியல். இதைவிட நல்ல வடிகட்டி எனக்குக் கிடைக்கவில்லை.

இரண்டாவது சுற்று கணினியில். பிரசங்கத்துக்கும் பத்தி உண்டு. பாஸ்டர் தண்ணீர் குடிக்கும்போது, பைபிளில் பக்கம் திருப்பும்போது, ஒரு விஷயத்தை முடித்து அடுத்ததற்குப் போகும் முன் மூச்சு வாங்கும்போது அங்கே ஒரு நீண்ட மௌனம் வரும். அந்த மௌனங்களின் நேரத்தை ffmpeg என்ற இலவச மென்பொருளே எடுத்துத் தந்துவிடும்.

```
ffmpeg -i sermon.mp3 -af silencedetect=noise=-35dB:d=1 -f null -
```

ஒரு நொடிக்கு மேல் அமைதியாக இருந்த ஒவ்வொரு இடமும் திரையில் silence_start, silence_end என்று நேரத்தோடு வரும். சபையில் ஃபேன் சத்தம் மைக்கில் ஏறியிருந்தால் அதை அமைதியாகவே எடுத்துக்கொள்ளாது, பட்டியல் காலியாக வரும். அப்போது -35 என்பதை -30 ஆக்குங்கள். பட்டியல் ரொம்ப நீளமாக வந்தால் d=1 என்பதை d=1.5 ஆக்குங்கள். இது எங்கே வெட்ட வேண்டும் என்று சொல்லாது, எங்கே வெட்ட முடியும் என்று மட்டும் சொல்லும். மௌனத்தில் தொடங்கி மௌனத்தில் முடிகிற துண்டுக்கு மூச்சு சரியாக இருக்கும்.

அந்த மூன்றையும் தேடிப் போனேன். 'எழுந்திரு' 41ஆவது நிமிடத்தில் இருந்தது. அதை உடனே ஒதுக்கினேன். எழுந்திருக்க வேண்டியவர் யார், எதிலிருந்து எழ வேண்டும் என்பதெல்லாம் முன்னாலேயே பேசி முடித்த விஷயம். இன்னொன்று, அந்த நேரத்தில் கீபோர்டு தம்பி பின்னால் மெல்ல வாசிக்கத் தொடங்கியிருந்தான். பின்னணியில் இசை ஓடும்போது எங்கே வெட்டினாலும் ராகம் பாதியில் அறுந்து காதில் இடிக்கும். தெரிந்த பாட்டின் மெட்டாக இருந்தால் யூடியூப் காப்புரிமை கேட்டுக் கொடி காட்டுவதும் உண்டு.

ராத்திரி ஷிப்ட் தம்பியின் கதை 22ஆவது நிமிடத்தில். நல்ல கதை, தொடக்கமும் முடிவும் உண்டு, மூன்று நிமிடத்துக்குள் அடங்கும். என் மனைவியின் சோதனையில் நிச்சயம் பாஸ் ஆகியிருக்கும். ஆனாலும் எடுக்கவில்லை. பாஸ்டர் பெயர் சொல்லவில்லைதான். ஆனால் 'நம்ம சபையில ஒரு தம்பி, மான்யதா பக்கம் வேலை, போன வருஷம் அப்பா தவறிட்டார்' என்றார். எங்கள் சபையில் 120 பேர். கேட்கிற அத்தனை பேருக்கும் அது யார் என்று தெரியும். அவன் கஷ்டத்தைச் சபைக்குள் சொல்ல அவன் சம்மதித்திருக்கலாம், உலகத்துக்கே சொல்லச் சம்மதித்தானா? இப்படிப்பட்ட இடத்தில் அந்தத் தம்பியிடமே கேட்டு, அவன் சரி என்று சொன்னால் மட்டும் எடுக்க வேண்டும். பாஸ்டர் சரி என்றால் போதாது.

மிச்சம் இருந்தது அடை. 18:22இல் தொடங்குகிறது. பேசியதை அப்படியே எழுதிக்கொண்டேன்:

"இப்பப் பாருங்க. படுத்துட்டான். தூதன் வந்து தட்டுறான். என்ன கேட்டான்? ஏன் ஓடி வந்தேன்னு கேட்டானா? இல்ல. உன் விசுவாசம் எங்க போச்சுன்னு கேட்டானா? இல்ல. எழுந்திரு, சாப்பிடுன்னான். தலைமாட்டுல என்ன இருந்துச்சு? அடை. தழல்ல சுட்ட அடை, ஒரு பாத்திரத்துல தண்ணி. சாப்பிட்டான், திரும்பவும் படுத்துட்டான். கர்த்தர் கோபப்பட்டாரா? இல்ல, தூங்க விட்டார். ரெண்டாந்தரம் எழுப்பும்போதும் முதல்ல சாப்பாடுதான். பேச்செல்லாம் ஓரேப்புக்குப் போன அப்புறம்."

46 நொடி. கேட்டபோது எனக்கே கண் கலங்கியது. ராத்திரி மனைவியிடம் வாசித்தேன். முதல் வரியிலேயே நிறுத்தினாள். "யாரு படுத்தது?"

எனக்கு எலியா என்று தெரியும், ஏனென்றால் பதினெட்டு நிமிடமாக எலியாவைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். தமிழில் எழுவாயை விட்டுவிட்டுப் பேசுவது சர்வ சாதாரணம். 'படுத்துட்டான்' என்ற வினையே 'அவன்' என்பதையும் உள்ளே வைத்திருக்கிறது. நேரில் கேட்கும்போது ஒரு குறையும் தெரியாது. வெட்டிய பிறகுதான் ஆளே காணாமல் போயிருப்பது தெரியும். அவள் இன்னொன்றும் கேட்டாள்: "ஏன் ஓடி வந்தேன்னு கேட்டானான்னா, எதுக்கு ஓடி வந்தான்?" ஆக எனக்கு ஆள் வேண்டும், அவன் நிலைமையும் வேண்டும்.

இப்படி ஆகும்போது பலர் திரையில் 'எலியா, 1 இராஜாக்கள் 19' என்று எழுதிப் போட்டு விட்டுவிடுகிறார்கள். வேறு வழியே இல்லை என்றால் அதுவும் சரிதான். ஆனால் முதலில் பின்னோக்கிப் போய்த் தேடுங்கள். பிரசங்கியார் எங்கோ ஒரு இடத்தில் மொத்த நிலைமையையும் ஒரே வாக்கியத்தில் சொல்லியிருப்பார், பெரும்பாலும் புதிய பகுதிக்குள் நுழையும்போது. நான் மௌனப் பட்டியலை வைத்து ஒவ்வொரு பத்தியின் முதல் வாக்கியத்தை மட்டும் பின்னோக்கிக் கேட்டுக்கொண்டே போனேன். 16:31இல் கிடைத்தது:

"நேத்து வரைக்கும் மலை மேல அக்கினியை இறக்கின எலியா, இன்னிக்கு யேசபேலுக்குப் பயந்து ஓடிவந்து, ஒரு சூரைச்செடிக்குக் கீழ உக்காந்து, போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்னு அழுறான்."

13 நொடி. ஆள், இடம், காரணம், மனநிலை எல்லாம் இதிலேயே இருக்கிறது. கர்மேல் மலைக் கதை எட்டு நிமிடம் சொன்னார், அதை முழுதாக இந்த ஒரு வாக்கியம் தாங்கிக்கொள்கிறது.

அடுத்த கேள்வி, 16:44இலிருந்து 18:22 வரை நடுவில் இருக்கும் பகுதியை என்ன செய்வது? இரண்டையும் சேர்த்து முழுதாக விட்டால் இரண்டரை நிமிடத்துக்கு மேல் போகும். யூடியூப் ஷார்ட்ஸில் 2024 அக்டோபரிலிருந்து மூன்று நிமிடம் வரை இடம் உண்டு, ஆகவே நீளம் தடையில்லை. ஆனால் நடுவில் ஹெப்பால் டிராபிக் பற்றி ஒரு பேச்சும், குழந்தை அழுததால் ஒரு நிறுத்தமும், அப்புறம் நான் மேலே சொன்ன அந்த 'மனச்சோர்வே வராதுன்னு சொல்றாங்க' என்ற பகுதியும் இருந்தன. கடைசியில் சொன்னது வேறு ஒரு விவாதம், அதற்குப் பதில் வேறு இடத்தில் வருகிறது. அதை உள்ளே விட்டால் கிளிப்புக்கு இரண்டு தலை ஆகிவிடும்.

நடுவில் எடுத்துவிட்டு இரண்டை ஒட்டலாமா என்பதில் எனக்குச் சில கட்டுப்பாடுகள் உண்டு. வரிசையை மாற்றவே கூடாது. 40ஆவது நிமிடத்தில் சொன்னதை 10ஆவது நிமிடத்துக்கு முன் வைத்து ஒட்டினால் அது அவர் பண்ணாத பிரசங்கம். நீக்குகிற பகுதியில் மிச்சப் பகுதியின் பொருளைக் கட்டுப்படுத்துகிற நிபந்தனை எதுவும் இருக்கக்கூடாது. 'எல்லாருக்கும் இல்ல, ஆனா சிலருக்கு' என்று நடுவில் சொல்லியிருந்தால் அதை எடுக்கிற உரிமை நமக்கில்லை. ஒரே கிளிப்பில் ஒரு ஒட்டுக்கு மேல் போடுவதில்லை, போட்ட ஒட்டும் பார்ப்பவருக்குத் தெரிய வேண்டும். நான் அந்த இடத்தில் அரை நொடி கறுப்புத் திரை வைக்கிறேன். இடையில் எதுவோ விடப்பட்டிருக்கிறது என்று நேர்மையாகச் சொல்ல அதுவே போதும். 16:44 முதல் 18:22 வரை இரண்டு முறை கேட்டேன். நிபந்தனை எதுவும் இல்லை. ஒட்டலாம்.

இப்போது முடிவு. 'பேச்செல்லாம் ஓரேப்புக்குப் போன அப்புறம்' என்ற வரி 19:08இல் முடிகிறது. அழகான முடிவு, நறுக்கென்று நிற்கிறது. நான் அங்கேயே வெட்டி பாஸ்டருக்கு அனுப்பினேன். வெளியிடும் முன் பேசியவருக்குக் காட்டுவது எங்கள் வழக்கம், அதை விடாதீர்கள். அவர் பார்த்துவிட்டு, "தம்பி, அடுத்த வரியையும் சேர்த்துடுங்க" என்றார். கேட்டுப் பார்த்தேன். அந்த வரி 19:24 வரை போகிறது: "உனக்கு இன்னிக்கு அந்த அடை ஒரு டாக்டரா இருக்கலாம். நடுராத்திரியில போனை எடுக்கிற ஒரு ஃப்ரெண்டா இருக்கலாம். வேண்டாம்னு தள்ளிடாத."

அவர் சொன்னதுதான் சரி. சாக வேண்டும் என்று அழுத மனிதனைப் பற்றிய துண்டு இது. அதை ராத்திரி இரண்டு மணிக்குத் தனியாகப் பார்க்கிற ஒருவர் அதே நிலைமையில் இருக்கலாம். 19:08இல் வெட்டியிருந்தால் கேட்க அழகாக இருந்திருக்கும், ஆனால் அவர் கையில் எதுவும் கொடுத்திருக்காது. அழகான வரியில் நிறுத்தலாம் என்று கை பரபரக்கும்போது, இந்த வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவில் யாருக்கு என்ன விட்டுப்போகிறது என்று பாருங்கள். மரணம், நோய், கல்யாண முறிவு, வைத்தியத்தை நிறுத்துவது போன்ற விஷயங்களில் முடிவை ஒருபோதும் தனியாகத் தீர்மானிக்காதீர்கள். பேசியவரையும் மூப்பர் ஒருவரையும் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

ஆக 13 நொடியும் 62 நொடியும் சேர்ந்து 75 நொடி. தொடக்கத்தில் 'இப்பப் பாருங்க' என்பதை அகற்றிவிட்டேன். 'அதனாலதான்', 'ஆனா', 'மூணாவது காரியம்', 'நான் அப்பவே சொன்ன மாதிரி' போன்றவை முன்னால் இருந்ததைச் சுட்டுகிற கைகள். இவை வாக்கியத்தின் தலையில் நிற்பதால் பெரும்பாலும் பொருள் கெடாமல் எடுத்துவிடலாம். ஆனால் 'அதனாலதான்' என்பதை எடுத்ததும் வாக்கியம் தொங்குகிறது என்றால், காரணம் முன்னால் இருக்கிறது என்று அர்த்தம், பின்னோக்கிப் போக வேண்டியதுதான். வாலில் கடைசிச் சொல்லுக்குப் பிறகு முக்கால் நொடி விடுங்கள். தமிழில் வினை கடைசியில் வருவதால் அந்தக் கடைசி எழுத்தின் மேல்தான் மொத்தப் பொருளும் நிற்கிறது. 'தள்ளிடாத' என்பதில் 'த' பாதியில் அறுந்தால் 'தள்ளிடா' என்று காதில் விழும்.

வெட்டுவதற்கு:

```
ffmpeg -ss 16:31 -to 16:44.5 -i sermon.mp4 -c:v libx264 -crf 18 -c:a aac a.mp4
ffmpeg -ss 18:23 -to 19:24.8 -i sermon.mp4 -c:v libx264 -crf 18 -c:a aac b.mp4
```

பலர் வேகமாக முடியும் என்று `-c copy` போடுவார்கள். அதில் வீடியோ நாம் சொன்ன நொடியில் வெட்டுப்படாது, அதற்கு முன்னால் இருக்கும், கீஃப்ரேம் எனப்படும் முழுப் படத்திலிருந்து தொடங்கும். முந்தின வாக்கியத்தின் வால் ஒட்டிக்கொண்டு வரும், அல்லது முதல் ஒரு நொடி படம் உறைந்து நிற்கும். தேடும்போது மாதிரிக்கு வெட்டிப் பார்க்க `-c copy` போதும், வெளியிடுவதற்கு மேலே உள்ள முறைதான். a, b இரண்டையும் எந்த எடிட்டிங் ஆப்பிலும் போட்டு நடுவில் கறுப்பை வைத்துக்கொள்ளலாம்.

நிமிர்ந்த வடிவத்துக்கு மாற்றும்போது ஒன்று கவனியுங்கள். 1920 அகலப் படத்தில் நடுவில் சுமார் 608 புள்ளிகள்தான் மிஞ்சும். பாஸ்டர் மேடையில் நடப்பவர் என்றால் பாதி நேரம் வெளியே போய்விடுவார். எங்கள் பாஸ்டர் கதை சொல்லும்போது நின்றுவிடுவார், அதனால் இந்தத் துண்டுக்குப் பிரச்சினை வரவில்லை. நடக்கிற துண்டானால் படத்தை முழு அகலத்தில் நடுவில் வைத்து, மேலும் கீழும் வரும் வெற்றிடத்தில் எழுத்து போடுவது நல்லது.

எழுத்து கட்டாயம் போடுங்கள். பஸ்ஸில், ஆபீஸில் சத்தமில்லாமல் பார்ப்பவர்கள் நிறைய. பேசியதைப் பேசியபடியே எழுதுங்கள், 'கூறினான்', 'வினவினான்' என்று மாற்ற வேண்டாம். வேத வசனம் வரும் இடத்தில் மட்டும் வேதாகமத்தில் உள்ளபடியே, 'எழுந்திருந்து போஜனம்பண்ணு' என்று எழுதிச் சரிபாருங்கள். பாஸ்டர் ஞாபகத்திலிருந்து சொல்லும்போது ஒரு சொல் மாறியிருக்கலாம். மேடையில் யாரும் கவனிக்க மாட்டார்கள், எழுத்தில் வந்தால் பத்துப் பேர் கவனிப்பார்கள்.

உங்கள் சபையில் கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ வரிக்கு வரி மொழிபெயர்ப்பு உண்டா என்று நீங்கள் சொல்லவில்லை. பெங்களூரில் பல சபைகளில் உண்டு. இருந்தால் கணக்கே மாறும். ஒரு நிமிடக் கிளிப்பில் அரை நிமிடப் பேச்சுதான் இருக்கும். அதைவிட, பிரசங்கியார் மொழிபெயர்ப்பாளருக்காக வாக்கியத்தைப் பாதியில் நிறுத்தி நிறுத்திப் பேசுவார், அதனால் மௌனப் பட்டியல் எதற்கும் உதவாது. மொழிபெயர்ப்பாளரை வெட்டி எடுத்துவிட்டால் பதினைந்து இருபது ஒட்டு வரும், பார்க்கவே தலை சுற்றும். அப்படிப்பட்ட பிரசங்கத்தில் நான் இருவர் குரலையும் விட்டு, நீளத்தை இரண்டு இரண்டரை நிமிடம் வரை அனுமதித்துவிடுகிறேன். நல்ல மொழிபெயர்ப்பாளர் என்றால் இரண்டு மொழிக்காரர்களுக்கும் ஒரே கிளிப் போய்ச் சேரும்.

வாரம் மூன்று என்ற கணக்கைப் பற்றி உங்கள் பொறுப்பாளர்களிடம் பேசுங்கள். 47 நிமிடத்தில் எனக்குக் கிடைத்தது ஒன்று. சில வாரம் மூன்று கிடைக்கும், சில வாரம் ஒன்றும் கிடைக்காது. ஒரே வாதத்தைத் தொடக்கத்திலிருந்து முடிவு வரை படிப்படியாகக் கட்டுகிற பிரசங்கம் சிறந்த பிரசங்கமாக இருக்கும், ஆனால் அதில் ஒரு செங்கல்லைக்கூட உருவ முடியாது. அந்த வாரம் பழைய பிரசங்கங்களுக்குப் போங்கள். சபையின் சேனலில் இரண்டு மூன்று வருடத்துப் பதிவுகள் கிடக்கும், ஈஸ்டருக்கும் கிறிஸ்துமஸுக்கும் முன்னால் அவற்றில் தேடினால் நிறையவே கிடைக்கும்.

கடைசியாக, கிளிப்பின் விவரத்தில் முழுப் பிரசங்கத்தின் இணைப்பைக் கொடுக்கும்போது சும்மா கொடுக்காதீர்கள். 16:31 என்பது 991 நொடி. இணைப்பின் முடிவில் `?t=991` என்று சேர்த்தால் அழுத்துகிறவருக்கு அந்த இடத்திலிருந்தே ஓடும். இணைப்பில் ஏற்கெனவே கேள்விக்குறி இருந்தால் `&t=991` என்று போடுங்கள். நாம் விட்டுவிட்ட அந்த ஒன்றரை நிமிடத்தையும் அவர் கேட்டுக்கொள்வார்.